மருந்து விளம்பரத் தடையும் விதி செய்யும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பரம்பரையாக வைத்தியம் பார்ப்பவன். நோட்டீஸ் அடித்ததற்கு விதியை மீறிவிட்டேன் என்கிறார்கள். விதி என்பது நாடாளுமன்றம் போட்ட சட்டமா, அதிகாரிகள் எழுதியதா?

இரண்டும் வேறு வேறு. உங்கள் நோட்டீசைக் கட்டுப்படுத்துவது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். அதை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, சட்டத்தை நடைமுறைப்படுத்த விதிகள் செய்துகொள்ளும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அப்படி வந்தவைதான் 1955ஆம் ஆண்டின் விதிகள். சட்டமன்றம் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை நிர்வாகத்திடம் ஒப்படைக்க, அதைக் கொண்டு நிர்வாகம் எழுதும் விதி, அறிவிக்கை, ஒழுங்குமுறை, துணைவிதி ஆகிய எல்லாவற்றையும் ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் என்கிறோம். ஒப்படைக்கும் சட்டத்தைத் தாய்ச்சட்டம் என்று சொல்வது வழக்கம்.

அதிகாரிகள் எழுதியது என்பதற்காக விதியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசியலமைப்பின் 13ஆவது உறுப்பு விதியையும் அறிவிக்கையையும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் சேர்த்தே விளக்குகிறது. முறையாகச் செய்யப்பட்டு அரசிதழில் வெளியான விதி தாய்ச்சட்டத்தைப் போலவே கட்டுப்படுத்தும். ஆனால் தாய்ச்சட்டத்துக்கு இருக்கும் பாதுகாப்பு விதிக்குக் கிடையாது. நாடாளுமன்றச் சட்டத்தை அரசியலமைப்பு ஒன்றைக் கொண்டுதான் தாக்க முடியும். விதியை அரசியலமைப்பைக் கொண்டும் தாக்கலாம், தாய்ச்சட்டத்தைக் கொண்டும் தாக்கலாம்.

பிரஸ்காரன் நான். வைத்தியர் எழுதிக் கொடுத்ததை அச்சடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். என்னையும் பிடிப்பார்களா?

பிடிக்கலாம். விளம்பர வெளியீட்டில் 'எந்தப் பங்கு' எடுத்துக்கொண்டாலும் குற்றம் என்று 3ஆவது பிரிவு சொல்கிறது. அச்சடிப்பதும் பங்கெடுப்பதே என்று சட்டம் வெளிப்படையாக விளக்கியிருக்கிறது. விளம்பரம் என்பதிலும் நோட்டீஸ், சுற்றறிக்கை, மருந்துப் புட்டியின் லேபிள், மேலுறை, வாய்மொழி அறிவிப்பு, ஒளியாலும் ஒலியாலும் புகையாலும் செய்யும் அறிவிப்பு வரைக்கும் அடங்கும். ஆகவே நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் கொடுக்கும் துண்டுத்தாளும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் இந்தச் சட்டத்துக்கு ஒன்றே. களியக்காவிளைக்கு அப்பால் விநியோகிக்க மலையாளத்தில் அச்சடித்தாலும் வேறுபாடு இல்லை. இது மத்தியச் சட்டம், கேரளத்திலும் அதுவே நடப்பில் இருக்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மறுபடியும் செய்தால் ஒரு வருடம் வரை சிறை.

எந்த நோய்க்கு விளம்பரம் கூடாது என்பதை நாடாளுமன்றமே எழுதிவிடலாமே? அதிகாரிகளிடம் ஏன் விட வேண்டும்?

எழுதிய பட்டியல் பழசாகிவிடும் என்பதே காரணம். இப்போது அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்களும் குறைபாடுகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பெரியம்மை. உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 1980இல் அறிவித்தது. அட்டவணையில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இருப்பதை நீக்க ஆளில்லை என்றால் பெரிய கேடு இல்லை. ஆனால் புதிதாக ஒரு நோய் பரவி, அதற்கு மருந்து இருப்பதாகச் சொல்லி யாரோ ஏமாற்றத் தொடங்கினால், இரண்டு அவைகளும் கூடித் திருத்தச் சட்டம் கொண்டுவரும் வரை மக்கள் காத்திருக்க முடியாது. விதி செய்யும் அதிகாரம் இதற்குத் தேவை. அந்த அதிகாரத்தை எந்த அளவுகோலோடு கொடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

'அளவு மீறிய ஒப்படைப்பு' என்று வக்கீல்கள் சொல்கிறார்களே, அளவை யார் வைத்தது?

உச்சநீதிமன்றம் வைத்தது. அரசியலமைப்பில் இப்படி ஒரு வரி கிடையாது. 1951இல் டெல்லி சட்டங்கள் சட்டம் தொடர்பாகக் குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டபோது, ஏழு நீதிபதிகள் ஏழு தனித்தனிக் கருத்துகளை எழுதினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து இன்றுவரை நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வது இவ்வளவு: சட்டமன்றம் விவரங்களை நிரப்பும் வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம், ஆனால் கொள்கை என்ன என்று முடிவு செய்து அதைக் கட்டுப்படுத்தும் நெறியாக வகுக்கும் வேலையைத் தானே செய்தாக வேண்டும். அது சட்டமன்றத்தின் சாரமான பணி, கைமாற்றக் கூடாதது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு 1954இன் ஹரிசங்கர் பாக்லா வழக்கைப் பார்க்கலாம். பாக்லாவும் அவர் மனைவியும் 1948 நவம்பர் 29 அன்று இட்டார்சி ரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆறு மணங்குக்கு மேல் புதிய பருத்தித் துணி கொண்டுபோனார்கள் என்பது குற்றச்சாட்டு. அனுமதி வேண்டும் என்று சொன்னது நாடாளுமன்றச் சட்டம் அல்ல, அரசின் ஆணை. அப்படி ஆணையிடும் அதிகாரத்தை அளவு மீறிக் கொடுத்துவிட்டார்கள் என்று வாதிட்டபோது நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்றியமையாப் பொருள்களின் வரத்தைக் காப்பது அல்லது பெருக்குவது, அவற்றைச் சமமாகப் பங்கிடுவது, நியாய விலையில் கிடைக்கச் செய்வது என்று அந்த ஆணையின் தாய்ச்சட்டத்தின் 3ஆவது பிரிவே நோக்கத்தைச் சொல்லிவிட்டது. துணி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது அந்த நோக்கத்தை நிறைவேற்றும் வழி மட்டுமே என்றது. அளவுகோல் கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே ஒப்படைப்பு நின்றது.

அப்படியானால் அளவு மீறியது என்று உச்சநீதிமன்றம் சொன்ன வழக்கு ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் இதே மருந்து விளம்பரச் சட்டத்தில்தான். ஹம்தர்த் தவாகானா எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த அரசியலமைப்பு ஆயம் 1959 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜே. எல். கபூர். நம் குமரி மாவட்டத்தில் வர்ம வைத்தியசாலை, சித்த வைத்தியசாலை நடத்தும் ஒவ்வொருவரும் அதன் கதையை ஒருமுறையாவது அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஹம்தர்த் டெல்லியில் யுனானி மருந்து செய்து விற்ற அறநிறுவனம். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தன் விளம்பரங்களுக்கு எதிராக அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியதும், அதுவும் வேறு சில மருந்து நிறுவனங்களும் உச்சநீதிமன்றம் போயின. அவர்கள் வைத்த வாதங்கள் பல. விளம்பரம் செய்வது பேச்சுரிமை என்பது முதல் வாதம். தன் சரக்கை விற்பதற்காகச் செய்யும் வணிக விளம்பரம் பேச்சுரிமையின் சாரத்தைச் சேர்ந்ததல்ல என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. (1995இல் டாட்டா பிரஸ் வழக்கில் வணிக விளம்பரத்துக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டதால், ஹம்தர்த் தீர்ப்பின் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்காட்டி வாதாடுவது ஆபத்து.) மக்கள் தமக்குத் தாமே மருந்து போட்டுக்கொண்டு கெட்டுப்போவதைத் தடுப்பது நியாயமான நோக்கம் என்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதாவது சட்டத்தின் நோக்கத்தில் நீதிபதிகளுக்குக் குறை தெரியவில்லை.

குறை 3ஆவது பிரிவின் (ஈ) உட்பிரிவில் இருந்தது. அன்று அந்த வாசகம், பால்வினை நோய் எதற்கும் 'அல்லது இந்தச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் விதிகளில் குறிப்பிடப்படும் வேறு எந்த நோய்க்கும் உடல்நிலைக்கும்' மருந்து இருப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று இருந்தது. இந்த இரண்டாவது பாதியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எந்த வகை நோய்? உயிருக்கு ஆபத்தானதா, தொற்றக்கூடியதா, மருத்துவரிடம் உடனே போக வேண்டியதா? ஒன்றும் இல்லை. தலைவலியைச் சேர்த்தாலும் வாசகத்துக்குள் அடங்கும், புற்றுநோயை விட்டுவிட்டாலும் அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு நாடாளுமன்றம் எந்த அளவுகோலும், தரமும், கொள்கையும் வகுக்கவில்லை. நிர்வாகத்துக்குக் கட்டுப்பாடற்ற அதிகாரம் போய்விட்டது என்று நீதிமன்றம் சொன்னது. அதுவும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் ஒருவருடைய செயல் குற்றமாகி, சிறைக்குப் போக நேரும். எது குற்றம் என்பதை முடிவு செய்யும் வேலையை அளவுகோல் இல்லாமல் ஒப்படைத்ததுதான் அங்கே பொறுக்க முடியாததாயிற்று.

நீதிமன்றம் சட்டம் முழுவதையும் வெட்டவில்லை. குற்றமுள்ள சொற்களை மட்டும் பிரித்தெடுத்துச் செல்லாது என்று அறிவித்துவிட்டு மீதியை நிற்கவிட்டது. பறிமுதல் அதிகாரம் தந்த 8ஆவது பிரிவின் ஒரு பகுதியையும், போதிய பாதுகாப்பு இல்லாத நியாயமற்ற கட்டுப்பாடு என்று ரத்து செய்தது.

தீர்ப்புக்குப் பிறகு நாடாளுமன்றம் என்ன செய்தது?

வெட்டுப்பட்ட இடத்தை 1963இல் திருத்தச் சட்டத்தால் தைத்தது. தைத்த விதம் கவனிக்கத் தக்கது, ஏனென்றால் ஒப்படைப்பு செல்லுபடியாக வேண்டுமானால் தாய்ச்சட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது அரிது.

முதலாவதாக, 54 நோய்களின் பட்டியலை விதியில் வைக்காமல் சட்டத்தின் அட்டவணையிலேயே போட்டார்கள். இப்போது அந்த 54க்கும் பொறுப்பு நாடாளுமன்றமே. இரண்டாவதாக, விதியால் வேறு நோய்களைச் சேர்க்கும் அதிகாரத்தை விட்டுவிடாமல், அதற்குக் காப்புரையாக இரண்டு வேலிகள் கட்டினார்கள். சேர்க்கப்படும் நோய், பதிவு பெற்ற மருத்துவரைக் கலந்து உரிய காலத்தில் சிகிச்சை பெற வேண்டியதாக இருக்க வேண்டும், அல்லது வழக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நிவாரணம் இல்லாததாக இருக்க வேண்டும். இது பொருளைப் பற்றிய வேலி. அடுத்தது நடைமுறையைப் பற்றியது: மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தைக் கலந்தாலோசித்த பிறகே விதி செய்ய வேண்டும், தேவை என்று மத்திய அரசு கருதினால் ஆயுர்வேதம், யுனானி முறைகளில் தனி அறிவோ அனுபவமோ உள்ளவர்களையும் கேட்க வேண்டும். சித்த மருத்துவத்தின் பெயர் அந்த வரியில் இல்லை. சித்த மருத்துவம் வேர்விட்ட இந்தப் பகுதியிலிருந்து பார்க்கும்போது அது எனக்குக் குறையாகவே படுகிறது. அதைச் சேர்க்கக் கோருவது நாடாளுமன்றத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கை.

ஆஸ்துமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 54இல் இல்லை. தடைக்குள் கொண்டுவர விதி ஒன்றே வழி. மூச்சுத் திணறல் வந்தவர் நேரத்தோடு மருத்துவரிடம் போகாவிட்டால் உயிர் போகலாம் என்பதால் அது முதல் வேலிக்குள் அடங்கும். வாரியத்தையும் கலந்திருந்தால் விதி நிற்கும். இன்னொரு பக்கம், வயலில் நாற்று நடுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் வரும் சேற்றுப்புண்ணை விதியில் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். அதற்கு எல்லோரும் அறிந்த நிவாரணம் இருக்கிறது. சற்றுத் தாமதித்தாலும் பொதுவாக ஆபத்தில்லை. வேலிக்கு வெளியே போய்விட்டதால் அந்த விதியை நீதிமன்றம் தள்ளிவிடும். 1959க்கு முன் இருந்த வாசகத்தில் இந்த இரண்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் காட்டியிருக்க முடியாது.

என் நோட்டீசில் 'சர்க்கரை நோய், பக்கவாதம், எலும்பு முறிவு, மூட்டுவாதம் குணமாகும்' என்று போட்டிருந்தேன். ஹம்தர்த் தீர்ப்பைக் காட்டித் தப்ப முடியுமா?

நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய், பக்கவாதம், மூட்டுவாதம் ஆகிய மூன்றும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அவற்றை அங்கே வைத்தது நாடாளுமன்றம்; ஒப்படைப்பே நடக்கவில்லை. நடக்காத ஒப்படைப்பு அளவு மீறியது என்று வாதிட முடியாது. ஆகவே இந்த மூன்றுக்கும் ஹம்தர்த் உங்களுக்கு ஒரு துணையும் செய்யாது. எலும்பு முறிவு அட்டவணையின் 54இல் இல்லை. அதற்கு நடவடிக்கை எடுத்தால், எந்த விதியின் எந்த வரியில் அது இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். விதியிலும் இல்லையென்றால், நோய்ப் பட்டியலை வைத்து அந்தச் சொல்லுக்காக உங்கள்மேல் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் நோட்டீசில் பொய்யான அல்லது திசைதிருப்பும் உரிமைகோரல் இருந்தால் 4ஆவது பிரிவு தனியாக வந்து நிற்கும்.

வேறொரு பாதுகாப்பைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு பெற்ற மருத்துவர் தன் சிகிச்சை இடத்திலேயே, இன்ன நோய்க்கு இங்கே சிகிச்சை தரப்படும் என்று வைக்கும் பெயர்ப்பலகைக்கு 14ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. பலகை வாசலில் இருக்கும் வரை விலக்கு உண்டு. அதே வாசகத்தை நோட்டீசாக அடித்து ஊருக்குள் கொடுத்தால் விலக்கு இல்லை. பரம்பரை வைத்தியராக இருந்து பதிவு பெறாதவருக்கு இந்த விலக்கு கிடையாது. அது கடுமையானதுதான், ஆனால் நாடாளுமன்றம் நேரடியாக எழுதிய கடுமை.

அப்படியென்றால் 'அளவு மீறிய ஒப்படைப்பு' வாதத்தால் இன்று பயன் உண்டா?

அரிதாகவே. ஹம்தர்த்துக்குப் பிறகு நீதிமன்றங்கள் கொள்கையைத் தேடும் இடத்தை விரித்துக்கொண்டே போயின. ஒப்படைக்கும் பிரிவில் அளவுகோல் இல்லையென்றால் சட்டத்தின் முகப்புரையில் பார்ப்பார்கள். அங்கும் இல்லையென்றால் தலைப்பு, மற்றப் பிரிவுகள், சட்டம் வந்த சூழல் வரை போவார்கள். எங்காவது கைகாட்டி இருந்தால் ஒப்படைப்பு தப்பிவிடும். இது சில வழக்குகளில் மிகத் தாராளமாகப் போய்விட்டது என்றே நான் நினைக்கிறேன். முகப்புரையில் 'பொதுநலன்' என்று ஒரு சொல் இருந்தால் போதும் என்பது ஹம்தர்த் கேட்ட அளவுகோல் ஆகாது.

ஆகவே நீதிமன்றத்தில் பலன் தருவது பெரும்பாலும் வேறொரு வாதம்: தாய்ச்சட்டம் சரி, ஆனால் விதி அதைத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன சேற்றுப்புண் விதி அதற்கு எடுத்துக்காட்டு. கலந்தாலோசிக்க வேண்டிய வாரியத்தைக் கேட்காமல் செய்த விதியும் அப்படியே. தாய்ச்சட்டம் முன்வெளியீடு வேண்டும் என்றால், வரைவை வெளியிட்டு ஆட்சேபணை பெறாமல் இறுதி விதி போட முடியாது. அரசிதழில் வெளிவராத விதி மக்களைக் கட்டுப்படுத்தாது. எங்கோ ஒரு தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு, தெரியாதவனைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 1951இல் ஹர்லா எதிர் ராஜஸ்தான் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவையெல்லாம் சரியாக இருந்தும் விதி அப்பட்டமாகத் தன்னிச்சையானது என்றால், அந்தக் காரணத்துக்காகவும் அது விழலாம் என்பது 1984இன் இந்தியன் எக்ஸ்பிரஸ் தீர்ப்பு.

விதியை நாடாளுமன்றத்தின் மேசையில் வைப்பார்களாமே? அங்கேயே பிழையைப் பிடித்துவிட மாட்டார்களா?

பிடிக்க வழி இருக்கிறது, பிடிப்பது குறைவு. இந்தச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் ஒவ்வொரு விதியையும் இரு அவைகளின் முன்பும் மொத்தம் 30 நாட்கள் வைக்க வேண்டும். சட்டம் குறித்த காலத்துக்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டு மாற்றினால் மாறிய வடிவில்தான் விதி நடப்பில் இருக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தால் விதி போய்விடும். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. மேசையில் வைக்கும் நாளுக்காக விதி காத்திருப்பதில்லை. அரசிதழ் வெளியீட்டோடு அது உயிர் பெற்றுவிடுகிறது. பின்னால் அவைகள் அதை ரத்து செய்தாலும், அதற்கு முன் அதன் கீழ் நடந்தவை செல்லும்.

மேசையில் வைக்காமலே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். அட்லஸ் சைக்கிள் வழக்கில், வெறுமனே அவை முன் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் சட்டத்தில் அந்தக் கடமை வழிகாட்டும் தன்மையதே, வைக்கத் தவறியதால் ஆணை செல்லாததாகாது என்று உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. அவை ஒப்புதல் தந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்று தாய்ச்சட்டம் சொன்னால் நிலைமை வேறு. மறுபக்கமாக, அவையின் மேசையில் இருந்துவிட்டது என்பதற்காக வரம்பு மீறிய விதி புனிதமாகிவிடாது. நீதிமன்றம் அதை அப்போதும் ரத்து செய்யலாம்.

உண்மையான ஆய்வு நடப்பது குழுவில்தான். மக்களவையின் ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் குழு 1953இல் அமைந்தது. 15 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. விதி தாய்ச்சட்டத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா, சட்டமாகவே கொண்டுவந்திருக்க வேண்டியதை விதியில் புகுத்தியிருக்கிறார்களா, வரி விதிக்கிறதா, முன்தேதியிட்டு நடைமுறைக்கு வருகிறதா, நீதிமன்றத்தின் கதவை அடைக்கிறதா, வெளியிடவும் அவையில் வைக்கவும் காரணமின்றித் தாமதித்தார்களா என்று அது பார்க்கும். குழுவின் அறிக்கை பரிந்துரைதான். அதற்கு நேரடியாக ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. ஆனாலும் குழுவுக்கு மனு எழுதுவதை வீண் என்று நினைக்க வேண்டாம். ஒரு விதியால் பாதிக்கப்படும் தொழில்காரர்கள் சேர்ந்து, எந்த வரி எந்தப் பிரிவைத் தாண்டுகிறது என்று சுட்டிக்காட்டி எழுதும் மனுவை, நம் தொகுதி உறுப்பினர் வழியாகக் கொண்டுபோகலாம். வழக்குக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது.

நடப்பில் இருக்கும் விதியைக் கடிதம் எழுதி நிறுத்திவைக்க அரசால் முடியுமா? 170ஆவது விதி விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்கிறார்களே.

முடியாது. 170ஆவது விதி வேறொரு தாய்ச்சட்டத்தின், அதாவது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின், விதிகளில் 2018 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து தயாரிப்பவர்கள் விளம்பரம் செய்வதற்கு முன் மாநில உரிம அதிகாரியிடம் விண்ணப்பித்து ஓர் அடையாள எண் பெற வேண்டும் என்றது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஆயுஷ் அமைச்சகம், அந்த விதியை நீக்க ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் பரிந்துரைத்திருப்பதால் அதன் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பியது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தக் கடிதத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டது.

கேள்வியின் அடிப்படை எளிமையானது. பொது உட்கூறுகள் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, விதி செய்யும் அதிகாரத்துக்குள் அதைத் திருத்தவும் நீக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் செய்த அதே முறையில், அதே நிபந்தனைகளோடுதான் நீக்க வேண்டும். வாரிய ஆலோசனை, முன்வெளியீடு, அரசிதழ் அறிவிக்கை என்று மூன்று படி ஏறி வந்த விதி, ஒரு கடிதத்தால் கீழே இறங்காது. நீக்கும் வரை அது சட்டம்.

பிறகு 2024 ஜூலை 1 அன்று அமைச்சகம் அறிவிக்கையாகவே வெளியிட்டு விதியை நீக்கியது. ஆகஸ்ட் 27 அன்று உச்சநீதிமன்றம் அந்த அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்தபோது அந்தத் தடையும் முடிவுக்கு வந்தது. ஆகவே இன்று 170ஆவது விதி இல்லை. ஆனால் அது போய்விட்டதால் விளம்பரம் செய்யத் தடையே இல்லை என்று மருந்து தயாரிப்பவர்கள் நினைக்கக் கூடாது. 1954ஆம் ஆண்டின் சட்டமும் அதன் அட்டவணையும் அப்படியே இருக்கின்றன.

விதியை எதிர்த்து மதுரைக்குப் போவதென்றால் முதலில் என்ன கையில் இருக்க வேண்டும்?

நம் மாவட்டத்துக்கான நீதிப்பேராணை மனுக்களைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரிக்கிறது. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது உங்களுக்கு வந்த நோட்டீஸ் அல்லது குற்றப்பத்திரிகையின் நகல், நீங்கள் வெளியிட்ட விளம்பரத்தின் மூலப்பிரதி, பதிவுச் சான்று இருந்தால் அது, ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அடுத்து, குற்றம் சாட்டப்பட்ட விதி வெளியான அரசிதழின் நகல் வேண்டும். இணையத்தில் யாரோ தட்டச்சு செய்து போட்ட தொகுப்பை நம்ப வேண்டாம், திருத்தங்கள் விடுபட்டிருக்கும். அரசிதழ் அறிவிக்கையின் தொடக்கப் பத்தியை முதலில் படியுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தந்த அதிகாரத்தால் இந்த விதி செய்யப்படுகிறது, எந்த வாரியத்தைக் கலந்தாலோசித்தார்கள், வரைவு எந்தத் தேதியில் வெளியானது என்பதெல்லாம் அந்த ஒரு பத்தியில் இருக்க வேண்டும். இருக்க வேண்டியது அங்கே இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆலோசனைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். வழக்கு பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் நிற்கும் அல்லது விழும்.